இது என்ன மொழி? – வாசகர் கேள்விகள்

கேள்வி: நிலாவெளிக் கடற்கரையில் ஒரு போத்தல் ஒதுங்கியது. லேபலில் வட்டம் வட்டமாக எழுத்து. சிங்களம்தானே?

சிங்களம் தெரிந்த ஒருவரிடம் காட்டியிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. இது பர்மிய எழுத்து. பாதி எழுத்துகள் ஒரு பக்கம் திறந்த வளையங்கள், வாக்கியம் முடியும் இடத்தில் இரண்டு செங்குத்துக் கோடுகள். இன்றைய சிங்களத்தில் அந்த இடத்தில் சாதாரண முற்றுப்புள்ளிதான் வரும்.

கேள்வி: எங்கள் விடுதியில் தங்கியவர் ஒரு குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போனார். ரஷ்ய எழுத்து. ரஷ்ய மொழி என்றே எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. அதே எழுத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் எழுதுகிறார்கள். உங்கள் குறிப்பில் ї என்று இரட்டைப் புள்ளி வைத்த எழுத்து நான்கு இடத்தில் இருக்கிறது, ы ஓரிடத்திலும் இல்லை. அது உக்ரேனிய மொழி.

கேள்வி (கிண்ணியா): உம்மம்மாவின் பழைய கொப்பி ஒன்று கிடைத்தது. முழுக்க அரபி. அரபி படித்த என் மகனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அரபியில் இருந்து யாரிடம் மொழிபெயர்க்கக் கொடுக்கலாம்?

அரபி என்று நீங்களே முடிவு கட்டிவிட்டுக் கேட்கிறீர்கள். வலமிருந்து இடமாக ஓடினால் அரபி என்பது இங்கே தீராத வியாதி. ஒருமுறை மாசிப் பொதி ஒன்றின் உறையை "அரபி, அவசரம்" என்று என்னிடம் தந்தார்கள். எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நின்றன. அரபி எழுத்து கைகோத்து ஓடும். அது மாலைதீவின் தானா எழுத்து, மொழி திவேகி. எழுத்து வேறு, மொழி வேறு என்று இந்தப் பகுதியில் எத்தனை தடவைதான் எழுதுவது?

சரி, உங்கள் கொப்பிக்கு வருவோம். எழுத்து அரபிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எல்லா எழுத்திலும் உயிர்க்குறி போட்டிருக்கிறது. கையால் எழுதும் சாதாரண அரபியிலோ உருதுவிலோ யாரும் இப்படி மெனக்கெடுவதில்லை. குர்ஆன் வசனம், துஆ என்றால் போடுவார்கள். அப்படியானால் 'அல்' என்று தொடங்கும் சொற்கள் வரிக்கு வரி வர வேண்டும். உங்கள் பக்கத்தில் தேடினேன். ஏறத்தாழ இருபது வரியில் இரண்டு மூன்றுதான், அவையும் ஓதும் சொற்கள். அப்போதே எனக்கு அரபுத்தமிழ் என்று பட்டது. அரபி எழுத்தில் எழுதிய நம் தமிழ்தான்.

உறுதி செய்ய ஒரு காரியம் செய்யச் சொன்னேன். மகன் பொருளைத் தேடாமல் ஒலியை மட்டும் வாசிக்க வேண்டும், நீங்கள் கண்ணை மூடிக் கேட்க வேண்டும். "வந்தார்கள்" உடனே பிடிபட்டது என்று மறுகடிதத்தில் எழுதினீர்கள். அடுத்து வந்த "வீது" மட்டும் இருவருக்கும் புரியவில்லையாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தால் எழுத்தின் கீழே ஒரு புள்ளி. மகன் அதை மைக்கறை என்று தாண்டியிருக்கிறார். அரபியில் ட இல்லை, அதனால் தாலுக்குக் கீழே புள்ளி வைத்து ட ஆக்கினார்கள். ஆக, அது "வீடு". ழ, ண போன்றவற்றுக்கும் இப்படிக் கூடுதல் புள்ளி வைத்த எழுத்துகள் உண்டு.

அந்தப் புள்ளியில்தான் எல்லாம் இருக்கிறது, ஆகவே படம் ஒழுங்காக வேண்டும். பகல் வெளிச்சத்தில், பக்கத்துக்கு ஒரு படமாக, நான்கு ஓரமும் தெரிய எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டொக்கியுமெண்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் புள்ளி கரைந்துவிடும். மொழிபெயர்ப்பாளர் உங்களுக்குத் தேவையில்லை. மகன் வாசிக்க, நீங்கள் தமிழில் எழுதிக்கொண்டே போனால் போதும். பழைய சொல் எங்காவது தடுக்கினால் அந்த வரியை மட்டும் அனுப்புங்கள்.

கேள்வி: திரியாய் மலைக் கல்வெட்டைப் படம் எடுத்தேன். சில எழுத்து தமிழ் போலவே இருக்கிறது, ஆனால் வாசிக்க வரவில்லை. பழைய தமிழா?

இல்லை, சமஸ்கிருதம். எழுத்து பல்லவ கிரந்தம். நம் எழுத்துக்கு நெருங்கிய உறவு என்பதால் முகச்சாயல் தெரிகிறது. ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிய கூட்டெழுத்துகளைப் பாருங்கள், தமிழில் அப்படி அடுக்குவதில்லை. அப்புறம், நீங்கள் வெட்டி அனுப்பிய மூன்று எழுத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நான்கு ஓரமும் வேண்டும் என்று மேலே சொன்னது உங்களுக்கும்தான்.

கேள்வி: பஸ்ஸில் போகும்போது எடுத்த படம். உலகத்தில் எந்த மொழியோடும் ஒத்துப்போகவில்லை!

பின் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒட்டியதை உள்ளே இருந்து எடுத்திருக்கிறீர்கள். இடம் வலம் மாற்றிப் பார்த்தேன். "பாடசாலைச் சேவை" என்று சிங்களத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே தமிழிலும்.