1.12 என்று சொன்னார்கள். எதை எதால் வகுத்தார்கள்?

கேள்வி: சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 11 வருடங்களாக வேலை பார்க்கிறேன். இந்த முறை எனக்கு 5-க்கு 4 ரேட்டிங். ஆனால் இன்கிரிமென்ட் 6 சதவீதம்தான். போன வருடம் அதே கிரேடில் சேர்ந்தவருக்கு ரேட்டிங் 3, இன்கிரிமென்ட் 9 சதவீதம். கேட்டதற்கு ஹெச்.ஆரிலிருந்து வந்த மெயில்: "உங்கள் கிரேடுக்கு ஆண்டு நிலையான சம்பளம் 8 முதல் 12 லட்சம், நடுப்புள்ளி 10 லட்சம். உங்கள் கம்பா ரேஷியோ 1.12. அதனால் 6 சதவீதம்." என் சி.டி.சி. 11,20,000 ரூபாய். அதில் ஆண்டு போனஸ் 1,12,000, நிறுவனம் கட்டும் பி.எஃப். 53,760, கிராஜுவிட்டி 21,549. நன்றாக வேலை செய்தவளுக்குக் குறைவு, சுமாராகச் செய்தவருக்கு அதிகம் என்பது என்ன நியாயம்?
– வாசகி, சென்னை

பதில்: நியாயத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்த 1.12-ஐச் சரிபார்த்துவிடுவோம். உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்களை வைத்துப் பார்த்தால் அது தப்பாகப் போட்ட கணக்கு என்றே எனக்குத் தோன்றுகிறது.

கம்பா ரேஷியோ என்பது ஒரே ஒரு வகுத்தல். உங்கள் சம்பளத்தை, உங்கள் கிரேடின் நடுப்புள்ளியால் வகுக்க வேண்டும். விடை 1.00 வந்தால் நடுப்புள்ளியில் சரியாக நிற்கிறீர்கள். 0.90 வந்தால் அதற்கு 10 சதவீதம் கீழே. சில நிறுவனங்கள் இதையே 100, 90 என்று எழுதுவார்கள். உங்கள் பேண்ட் 8 முதல் 12 லட்சம் என்பதால், அந்தக் கிரேடில் இருப்பவர்களின் ரேஷியோ சாதாரணமாக 0.80-க்கும் 1.20-க்கும் இடையில்தான் இருக்கும்.

வகுத்தல் சுலபம்தான். மேலே எந்தச் சம்பளத்தை வைக்கிறார்கள் என்பதில்தான் சிக்கல் வருகிறது. நம் ஊரில் ஒரே ஆளுக்குக் குறைந்தது மூன்று சம்பளம் உண்டு: சி.டி.சி., நிலையான சம்பளம், கைக்கு வருவது. பேண்ட் எந்தச் சம்பளத்துக்குப் போடப்பட்டதோ, அதே சம்பளத்தைத்தான் மேலே வைக்க வேண்டும். உங்களுக்கு வந்த மெயிலில் "ஆண்டு நிலையான சம்பளம்" என்று தெளிவாக இருக்கிறது. ஆனால் 1.12 எப்படி வந்தது? 11,20,000-ஐ 10,00,000-ஆல் வகுத்தால் அட்சரம் பிசகாமல் 1.12. அதாவது கீழே நிலையான சம்பளத்தின் நடுப்புள்ளி, மேலே உங்கள் முழு சி.டி.சி.

சி.டி.சி.யிலிருந்து போனஸ், நிறுவனத்தின் பி.எஃப். பங்கு, கிராஜுவிட்டி மூன்றையும் கழியுங்கள். மூன்றும் சேர்ந்து 1,87,309. மீதி 9,32,691. இதுதான் உங்கள் நிலையான சம்பளம். இதை 10 லட்சத்தால் வகுத்தால் 0.93. நடுப்புள்ளிக்கு 12 சதவீதம் மேலே இருப்பதாகச் சொல்லப்பட்ட நீங்கள், உண்மையில் 7 சதவீதம் கீழே இருக்கிறீர்கள்.

(உங்கள் எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்றும் பார்த்தேன். பி.எஃப். 53,760 என்றால், அது 12 சதவீதமாக இருக்கும் அடிப்படைச் சம்பளம் 4,48,000. கிராஜுவிட்டியை வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்று கணக்கிடுவதால் அது அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், 4,48,000-க்கு 21,549. சரியாக இருக்கிறது. ஆகவே நீங்கள் எழுதிய பிரிவுகளை நம்பலாம்.)

இந்தத் தவறு யாரும் வேண்டுமென்றே செய்வதல்ல. நான் சம்பளப் பிரிவில் இருந்த ஒரு நிறுவனத்தில் இதே தவறு பல பேருக்கு நடந்தது. பழைய ஊழியர்களின் விவரம் பழைய மென்பொருளிலிருந்து வந்திருந்தது. அதில் "ஆண்டுச் சம்பளம்" என்ற கட்டத்தில் சி.டி.சி. இருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதே கட்டத்தில் நிலையான சம்பளம் ஏற்றப்பட்டிருந்தது. ஒரே எக்செல் தாள், ஒரே பத்தி, இரண்டு அர்த்தம். பல வருடம் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் "மேலே இருக்கிறார்கள்" என்று காட்டியது. இரண்டு சுற்று இன்கிரிமென்ட் முடிந்த பிறகுதான் ஒரு பெண் தன் சம்பளச் சீட்டோடு வந்து நின்று அதைக் கண்டுபிடித்தார். அந்த இரண்டு வருடத்து இழப்பை எங்களால் முழுதாகச் சரிசெய்ய முடியவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்தல்தான். அதனால்தான் உங்களைக் காத்திருக்க வேண்டாம் என்கிறேன்.

இந்த எண் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பல நிறுவனங்களில் இன்கிரிமென்ட் ரேட்டிங்கை மட்டும் பார்த்துத் தரப்படுவதில்லை. ஒரு கட்டம் போட்டிருப்பார்கள்: ஒரு பக்கம் ரேட்டிங், இன்னொரு பக்கம் கம்பா ரேஷியோ, இரண்டும் சந்திக்கும் இடத்தில் சதவீதம். உதாரணத்துக்கு, ரேட்டிங் 4 வாங்கியவர் 0.90-க்குக் கீழே இருந்தால் 12 சதவீதம், 0.90 முதல் 1.10 வரை 9, அதற்கு மேல் 6. ரேட்டிங் 3 என்றால் அதே வரிசையில் 9, 6, 3. உங்கள் நிறுவனத்தின் கட்டத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் 1.12-க்கு 6 சதவீதமும், புதியவருக்கு 9 சதவீதமும் வந்திருப்பதைப் பார்த்தால் அதுவும் இந்தச் சாயலில்தான் இருக்க வேண்டும். அப்படியென்றால் 0.93-க்கு உங்களுக்கு வந்திருக்க வேண்டியது 9 சதவீதம். ரூபாயில், 55,961-க்குப் பதில் 83,942. வருடத்துக்கு ஏறக்குறைய 28,000 குறைவு. அடுத்த வருடத்து இன்கிரிமென்ட்டும் இந்தக் குறைந்த தொகையின் மேல்தான் கணக்காகும் என்பதால் இது ஒரு வருடத்தோடு நிற்கிற நஷ்டம் அல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். சந்தையில் சம்பளம் உயர உயர, பேண்டையும் நிறுவனங்கள் அவ்வப்போது உயர்த்தும். இந்த ஏப்ரலில் நடுப்புள்ளி 5 சதவீதம் ஏறி 10,50,000 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 6 சதவீத உயர்வோடு உங்கள் சம்பளம் 9,88,652, ரேஷியோ 0.94. இருந்த இடத்திலேயே நிற்கிறீர்கள். நடுப்புள்ளி என்பது அந்த வேலையை முழுமையாகச் செய்யத் தெரிந்தவருக்கான தொகை என்பதுதான் பேண்ட் போடுவதன் அடிப்படை. 0.80, 0.85 என்பது இப்போதுதான் வேலை பழகுகிறவருக்கு. 11 வருட அனுபவமும் 4 ரேட்டிங்கும் உள்ளவர் 0.94-இல் இருப்பதற்கு நிறுவனத்தின் சொந்த விதிப்படியே காரணம் சொல்ல முடியாது. உங்கள் கையில் இருக்கும் வலுவான வாதம் இதுதான்.

மேலதிகாரியிடம் வாய்மொழியாகப் பேசுவதற்கு முன் ஹெச்.ஆருக்கு ஒரு சின்ன மெயில் அனுப்புங்கள். குற்றம்சாட்டும் தொனி வேண்டாம். "நடுப்புள்ளி ஆண்டு நிலையான சம்பளத்துக்கானது என்று குறிப்பிட்டிருந்தீர்கள். என் நிலையான சம்பளம் 9,32,691, பிரிவுகளை இணைத்திருக்கிறேன். அதன்படி ரேஷியோ 0.93 வருகிறது. 1.12 எந்தத் தொகையை வைத்துக் கணக்கிடப்பட்டது என்று தெரிவிக்க முடியுமா? பேண்ட் எந்தத் தேதியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது?" இவ்வளவு போதும். சம்பள உயர்வுக் கடிதத்தின் இணைப்புத் தாளைச் சேர்த்து அனுப்புங்கள். மாதச் சம்பளச் சீட்டை மட்டும் அனுப்பினால் நிறுவனத்தின் பி.எஃப். பங்கும் கிராஜுவிட்டியும் பெரும்பாலும் அதில் தெரியாது.

சக ஊழியரின் பெயரையோ அவருடைய 9 சதவீதத்தையோ மெயிலில் எழுதாதீர்கள். எழுதினால் பேச்சு உங்கள் கணக்கை விட்டு, அந்தத் தகவல் உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்ற பக்கம் திரும்பிவிடும். உங்கள் எண் ஒன்றே போதும். தவறை ஒப்புக்கொண்டால், திருத்தம் இன்கிரிமென்ட் அமலான தேதியிலிருந்தே வர வேண்டும், இடைப்பட்ட மாதங்களுக்கு அரியர்ஸ் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். "இந்த வருட பட்ஜெட் முடிந்துவிட்டது" என்று சொல்லக்கூடும். தகுதியின் பேரில் கூடுதலாகக் கேட்பவர்களுக்குச் சொல்லும் பதில் அது. கணக்குப் பிழைக்கு அது பொருந்தாது.

மெயிலில் "நிலையான சம்பளம்" என்று எழுதியதுதான் தவறு, பேண்ட் உண்மையில் சி.டி.சி.க்குத்தான் என்று பதில் வரவும் வாய்ப்பு இருக்கிறது. அப்போது 1.12 சரி. ஆனால் அவர்களுடைய பேண்ட் கொள்கைத் தாளில் அப்படி எழுதியிருக்கிறதா என்று காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.

அது சரிதான் என்று ஆகிவிட்டால், உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அந்த ஏற்பாடு நியாயமானதுதான் என்று நினைக்கிறேன். உங்கள் சக ஊழியர் 8,50,000 வாங்குகிறார் என்று வைத்துக்கொண்டால், 9 சதவீதத்துக்குப் பிறகும் அவர் 9,26,500, நீங்கள் 11,87,200. அவருக்குச் சதவீதம்தான் பெரிது. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பேரை மெல்ல மெல்லப் பக்கத்தில் கொண்டுவருவதற்காகவே அந்தக் கட்டம் இருக்கிறது. கம்பா ரேஷியோ வேலைக்குப் போடும் விலையைச் சொல்கிறது, அதைச் செய்கிற மனிதரின் 11 வருடத்தை அது பார்ப்பதில்லை.

அந்த நிலையில் இன்கிரிமென்ட்டுக்காகச் சண்டை போட்டுப் பயனில்லை, 1.20-ஐ நெருங்க நெருங்கச் சதவீதம் குறைந்துகொண்டேதான் போகும். உச்சியைத் தொட்டவர்களுக்குப் பல இடங்களில் அடிப்படைச் சம்பளம் ஏறாமல், ஒரு முறை தரும் தொகையோடு முடித்துவிடுவார்கள். கிரேடைப் பற்றித்தான் நீங்கள் கேட்க வேண்டும். மாதக் கணக்கு முடிப்பதை நீங்களே தலைமையேற்றுச் செய்கிறீர்களா? தணிக்கையாளர்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்கிறீர்களா? புதியவர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்து அவர்கள் வேலையைச் சரிபார்க்கிறீர்களா? அவையெல்லாம் அடுத்த கிரேடின் வேலை விவரத்தில் இருந்தால், அதைப் பட்டியல் போட்டு கிரேடு மறுபரிசீலனை கேளுங்கள். அடுத்த கிரேடின் நடுப்புள்ளி 12 லட்சம் என்றால், அதே 11,20,000-க்கு உங்கள் ரேஷியோ 0.93 ஆகும். எண் குறைகிறதே என்று பயப்படாதீர்கள். அங்கே அதே 4 ரேட்டிங்குக்குக் கட்டத்தின் தாராளமான பகுதியில் இருப்பீர்கள்.

முதலில் அந்த மெயிலை அனுப்புங்கள். ஹெச்.ஆரிலிருந்து என்ன பதில் வருகிறது என்பதையும், இணைப்புத் தாளில் மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் மாதிரி நீங்கள் குறிப்பிடாத பிரிவு ஏதாவது இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். இருந்தால் நிலையான சம்பளம் 9,32,691-ஐ விடவும் குறையும். கணக்கை மறுபடி போட்டுத் தருகிறேன்.