வல்ஃபஜ்ரின் ஐந்து ராக்கள்: ஓதல் கேள்வி பதில்

ஹழ்ரத், என் மகன் வல்ஃபஜ்ர் முதல் ஆயத்தில் ராவைத் தடிப்பாகச் சொல்கிறான். ராவுக்குக் கீழே ஜேர் போட்டிருக்கிறதே, மெல்லிசாகத்தானே வர வேண்டும்?

ஆயத்தின் முடிவில் நிறுத்தினானா, அடுத்ததோடு சேர்த்து ஓதினானா? நிறுத்தினான் என்றால் அவன் சொல்வதுதான் சரி. நிறுத்தும்போது ஜேர் போய் சுகூன் வந்துவிடும். சுகூனான ரா, தனக்கு முன்னால் இருப்பதைப் பார்த்துத்தான் தடிப்பா மெல்லிசா என்று முடிவாகும்.

ஃபஜ்ரில் ராவுக்கு முன் ஜீம், அதுவும் சுகூன். அதைத் தாண்டினால் ஃபாவின் ஜபர், அதனால் தடிப்பு. அடுத்து அஷ்ர்: ஷீனைத் தாண்டினால் ஐனின் ஜபர். வத்ர்: தாவைத் தாண்டினால் வாவின் ஜபர். இரண்டும் தடிப்பு. ஐந்தாம் ஆயத்தின் ஹிஜ்ரில் ஜீமைத் தாண்டினால் ஹாவுக்கு ஜேர், அங்கே மெல்லிசு.

நான்காம் ஆயத்தின் யஸ்ர்தான் ருசியான இடம். யாவுக்கு ஜபர் இருப்பதால் கணக்குப்படி தடிப்புத்தான். ஆனால் அந்தச் சொல்லின் மூலம் யஸ்ரீ, கடைசி யா விழுந்துவிட்டது. விழுந்த யாவை நினைத்து மெல்லிசாக நிறுத்துவதையே ஓதல் கலை அறிஞர் இப்னுல் ஜஸரீ விரும்பினார். இரண்டு விதமாகவும் ஓதலாம், நான் மெல்லிசாகச் சொல்லித் தருகிறேன். ஐந்தையும் நிறுத்தாமல் சேர்த்து ஓதினால் ஜேர் எல்லாம் திரும்பிவிடும், ஐந்து ராவும் மெல்லிசு.

ஒரு எச்சரிக்கை. தடிப்பு என்றதும் உதட்டைக் குவிக்காதீர்கள். நாக்கின் அடிப்பாகம் மேலெழுந்தால் போதும். ‘ரப்பி’ என்பது ‘ரொப்பி’ போலக் கேட்டால் உதடு வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஜேருக்குப் பிறகு சுகூனான ரா வந்தால் எப்போதும் மெல்லிசு. இந்த ஒரு விதி போதும்தானே?

முக்கால்வாசி இடத்துக்குப் போதும். அதே சூராவில் பத்தாம் ஆயத்தில் ஃபிர்அவ்ன், மெல்லிசு. பதினான்காம் ஆயத்தில் லபில்மிர்ஸாத். அங்கேயும் ராவுக்கு முன் ஜேர்தான், ஆனால் ரா தடிப்பு. காரணம் பின்னால் நிற்கும் ஸாத், வாயை நிறைத்துச் சொல்லும் எழுத்து. அந்த எழுத்து அதே சொல்லில் இருக்க வேண்டும். ‘ஃபஸ்பிர் ஸப்ரன்’ என்பதில் ஸாத் அடுத்த சொல்லில் இருப்பதால் ரா மெல்லிசாகவே நிற்கும். ஷுஅராவின் 63ஆம் ஆயத்தில் ‘ஃபிர்க்’ என்று வருகிறதே, அதில் காஃபுக்கே ஜேர் இருப்பதால் அதன் கனம் குறைந்துவிடுகிறது. இரண்டு விதமாகவும் ஓதியிருக்கிறார்கள்.

இலங்கையில் றஹ்மான், றசூல் என்று எழுதுவோம். தடித்த ராவுக்கு ‘ற’ என்று வைத்துக்கொண்டால் பிள்ளைகளுக்குச் சுலபமாக இருக்குமே?

றிஸ்வான் என்றும் எழுதுகிறீர்களே? அந்த ரா மெல்லிசு. அந்த எழுத்தை நம்பினால் பிள்ளை அதையும் தடிப்பாக்கிவிடும்.

ற வல்லினம், ர இடையினம். தமிழ் இலக்கணமே வித்தியாசம் காட்டும்போது நீங்கள் ஏன் மறுக்கிறீர்கள்?

இலக்கணத்தை மறுக்கவில்லை. வல்லினம் என்பது எழுத்தின் இனம், நாக்கின் அடிப்பாகம் எழுவதைச் சொல்வதல்ல. ‘ற’வை அழுத்திச் சொல்லப் பழகிய நாக்கு ராவில் ‘ர்ர்ர்’ என்று உருளும். தடித்த ராவோ மெல்லிய ராவோ, ஒரு தட்டுத்தான். உருட்டுவது பிழை.

எங்கள் ஊர் மத்ரஸாவில் ற என்று எழுதித்தான் பழக்குகிறார்கள். பிள்ளைகள் நன்றாகவே ஓதுகிறார்கள்.

உஸ்தாதின் வாயைக் கேட்டுப் பழகியிருப்பார்கள். சரி, நன்றாக ஓதுகிறார்கள் என்றால் நான் ஏன் சண்டை போட வேண்டும்! ஆனால் புத்தகத்தை மட்டும் பார்த்து ஓதும் பிள்ளைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ராவைத் தப்பாக ஓதினால் தொழுகை கூடுமா?

அது ஃபிக்ஹுக் கேள்வி. உங்கள் பள்ளி இமாமிடம் கேளுங்கள்.

வல்ஃபஜ்ரில் ஜேர் இருக்கிறதே, ஏன் தடிப்பு?

முதல் பதிலைப் படியுங்கள்.

அல்லாஹ் என்பதில் லாம் எப்போதும் தடிப்புத்தானே?

முன்னால் ஜபரோ பேஷோ இருந்தால்தான் தடிப்பு. ஜேர் இருந்தால் மெல்லிசு: பிஸ்மில்லாஹ், லில்லாஹ். இக்லாஸ் சூராவில் சோதித்துப் பாருங்கள். ‘அஹத்’ என்று நிறுத்திவிட்டு ‘அல்லாஹுஸ் ஸமத்’ என்று தொடங்கினால் லாம் தடிப்பு. நிறுத்தாமல் சேர்த்தால் ‘அஹதுனில்லாஹுஸ் ஸமத்’. முன்னால் ‘னி’ வந்துவிட்டதால் மெல்லிசு. நிறைய பேர் சேர்த்து ஓதும்போதும் பழக்கத்தில் தடிப்பாகவே சொல்லிவிடுகிறார்கள்.

மொரோக்கோ இமாம் ஒருவர் ‘ஸலாத்’திலும் லாமைத் தடிப்பாக ஓதினார். அவர் தப்பா?

இல்லை, அவர் வர்ஷ் முறையில் ஓதியிருப்பார். ஜபரோ சுகூனோ பெற்ற ஸாத், தடித்த தா, ளாவுக்குப் பின் ஜபருள்ள லாம் வந்தால் அதில் தடிப்பு உண்டு. நாம் ஓதுவது ஹஃப்ஸ். அதில் அல்லாஹ்வின் பெயரைத் தவிர வேறெங்கும் லாமைத் தடிப்பாக்கக் கூடாது. ‘வலள்ளால்லீன்’ ஓதும்போது ளாதின் கனம் லாமில் ஒட்டிக்கொள்கிறதா என்று உங்கள் குரலைப் பதிவுசெய்து கேட்டுப் பாருங்கள்.