17ஆம் தேதி மாலை யார் முடிவெடுப்பார்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசிங் மேலாளராக இருக்கிறேன். தங்கையின் திருமணத்துக்காக 14 முதல் 22ஆம் தேதி வரை காரைக்குடியில் இருப்பேன். திருமணம் 18 அன்று. அந்த நாட்களில்தான் ஸ்பெயினுக்குப் போக வேண்டிய 8,000 டி-ஷர்ட்டும் முடிந்து கிளம்ப வேண்டும். குழுவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப இப்படி எழுதியிருக்கிறேன்: “14 முதல் 22 வரை விடுப்பு. ஸ்பெயின் ஆர்டரை சீனியர் பார்த்துக்கொள்வார். டையிங்கை விடாமல் கேட்டுக்கொண்டே இருங்கள். 20 அன்று இன்ஸ்பெக்‌ஷன். மற்றவை வழக்கம் போல. அவசரம் என்றால் அழையுங்கள்.” சென்ற முறை இப்படி எழுதிவிட்டுப் போய், விடுப்பு முழுவதும் தொலைபேசியிலேயே கழிந்தது. எப்படி மாற்றி எழுதலாம்? ஆர்டர் விவரங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் செய்தியில் வேலைகள் இருக்கின்றன, முடிவுகள் இல்லை. சீனியருக்கு டையிங்கை அழைக்கத் தெரியும். அங்கிருந்து வந்த துணி கொஞ்சம் நிறம் மாறியிருந்தால் வெட்டலாமா, திருப்பி அனுப்பலாமா என்பதைச் சொல்லத்தான் அவருக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாது. தெரியாதவர் என்ன செய்வார்? முகூர்த்த நேரம் என்றும் பாராமல் உங்களை அழைப்பார். அவர் மேல் தவறில்லை. அவசரம் என்றால் அழையுங்கள் என்று சொன்னவர் நீங்கள். எது அவசரம் என்று சொல்லவில்லை.

எழுத உட்காரும் முன், நீங்கள் அனுப்பிய விவரங்களைக் கப்பல் நாளிலிருந்து பின்னோக்கிப் படித்துப் பாருங்கள். ஸ்பெயின் பையரின் வங்கி பணம் தருவதாக உறுதி சொல்லும் கடிதமான எல்.சி.யின்படி கடைசி ஏற்றுமதி நாள் 28. கப்பல் 25. முழுக் கண்டெய்னர் நிரம்பாத சரக்கு என்பதால் பெட்டிகள் லாரியில் தூத்துக்குடிக்குப் போய், சரக்கைக் கப்பலில் ஏற்றிவிடும் பார்வர்டரின் கிடங்கில் 23 மதியத்துக்குள் சேர வேண்டும். ஆகவே 21 இரவு லாரி கிளம்ப வேண்டும். இறுதி ஆய்வை மிஞ்சிப்போனால் 21 காலைக்குத் தள்ளலாம், அதற்கு மேல் முடியாது. துணி இன்னும் டையிங்கிலிருந்து வராத மீதி 2,000 நேவி டி-ஷர்ட்டை வெட்டித் தைத்துப் பேக்கிங் முடிக்க 18, 19, 20 ஆகிய மூன்று நாட்கள் வேண்டும். பின்னல் துணியை வந்தவுடன் வெட்டவும் முடியாது. பிரித்துப் போட்டு ஓர் இரவாவது விடாவிட்டால் வெட்டிய பிறகு அளவு சுருங்கும். அப்படியானால் துணி உள்ளே வர வேண்டிய கடைசி நேரம் 17 மாலை. உங்கள் விடுப்பில் உண்மையான முடிச்சு அதுதான். உங்கள் செய்தியில் 20 இருக்கிறது, 17 இல்லை.

17 மாலையும் துணி வரவில்லை என்றால், தயாராக உள்ள 6,000ஐ மட்டும் அனுப்பிவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். உங்கள் எல்.சி. பகுதி ஏற்றுமதிக்கு இடம் தரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எல்.சி.களுக்கான பன்னாட்டு விதிகளில் அளவு 5 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்ற சலுகை உண்டு. ஆனால் எண்ணிக்கையில் சொல்லப்பட்ட சரக்குக்கு அது பொருந்தாது. டி-ஷர்ட் உருப்படிக் கணக்கில்தானே போகிறது? எல்.சி.யில் தனியாக எழுதியிருந்தால் ஒழிய, 8,000 என்றால் 8,000. குறைத்து அனுப்பினால் வங்கி ஆவணங்களில் முரண்பாடு காட்டும். பணம் பையரின் நல்லெண்ணத்தை நம்பி நிற்கும். எல்.சி.யைத் திருத்தலாம். ஆனால் பையர் கேட்டு, அவருடைய வங்கி திருத்தி, அது நம் வங்கிக்கு வந்து சேரச் சில நாட்கள் பிடிக்கும். 17 மாலை கேட்கத் தொடங்கினால் கைக்கு எட்டும். 20 அன்று தொடங்கினால் எட்டாது. இதைச் சீனியர் அறிந்திருக்கிறாரா?

உங்கள் குறிப்பை இப்படி மாற்றி எழுதிப் பார்த்தேன். பெயர்களுக்குப் பதில் பொறுப்புகளை வைத்திருக்கிறேன். உங்கள் குறிப்பில் பெயரும் எண்ணும் இருக்கட்டும். தொகைகள் என் ஊகம்.

விடுப்புக் காலக் குறிப்பு: 14 முதல் 22 வரை. 23 காலை அலுவலகத்தில் இருப்பேன்.

எனக்குப் பதிலாக: சீனியர் மெர்ச்சண்டைசர். கீழே அவர் பொறுப்பில் உள்ள முடிவுகளை அவர் எடுத்தால் நான் எடுத்ததாகவே கொள்ளவும். அவர் வராத நாளில் தயாரிப்பு மேலாளர். இருவரின் வரம்புக்கும் மேற்பட்டது பொது மேலாளரிடம் போகும். அவரிடம் பேசி ஒப்புதல் வாங்கிவிட்டேன்.

13 மாலை நிலவரம்: வெள்ளை 3,000 பேக்கிங்கில். நேவி 5,000இல் 3,000 தைத்தாயிற்று. மீதி 2,000க்கான துணி, ஏறத்தாழ 400 கிலோ, டையிங்கில் இருக்கிறது. 15 மாலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

துணி தாமதமானால்: 16 மாலை வரை சீனியர் டையிங் மேலாளரிடம் பேசினால் போதும். 17 மாலைக்குள் வந்துவிட்டால் இரவு ஷிப்ட்டுக்கு ரூ. 40,000 வரை செலவழிக்கச் சீனியரே ஒப்புதல் தரலாம். ஆய்வை 21 காலைக்கு மாற்றும்படி அன்றே பையரிடம் கேட்க வேண்டும். 17 மாலை 6 மணிக்கும் வரவில்லை என்றால் பொது மேலாளர் அன்றே முடிவெடுப்பார்: எல்.சி. திருத்தம் கேட்பதா, மீதியை விமானத்தில் அனுப்புவதா. விமானம் என்றாலும் அது பகுதி ஏற்றுமதிதான்; திருத்தம் அதற்கும் வேண்டும்.

நிறம் மாறியிருந்தால்: பையர் ஒப்புதல் அளித்த ஷேட் துணுக்குகள் என் மேசையின் மேல் இழுப்பறையில், கையெழுத்திட்ட உறையில் இருக்கின்றன. லைட் பாக்ஸில் வைத்துப் பார்க்கவும். துணுக்குகளின் எல்லைக்குள் இருந்தால் சீனியர் ஏற்கலாம். எல்லை தாண்டினால் வெட்டக் கூடாது. மறுசாயத்துக்குத் திருப்பி அனுப்பச் சீனியருக்கே அதிகாரம் உண்டு. கைப்பேசிப் படத்தைப் பார்த்து யாரும், நான் உட்பட, ஒப்புதல் தரக் கூடாது.

ஆய்வில்: 8,000க்கு 200 உருப்படிகளை எடுப்பார்கள். பெரிய குறைகள் 10 வரை தேறும். 11 என்றால் தோல்வி. தோற்றால் முழுச் சரக்கையும் பிரித்துப் பார்த்து மறு ஆய்வு கேட்பது சீனியரின் முடிவு. உத்தரவாதக் கடிதம் கொடுத்து அப்படியே அனுப்பலாம் என்று யார் சொன்னாலும், அதில் நிர்வாக இயக்குநர் மட்டுமே கையெழுத்திடலாம்.

தொடர்புகள்: டையிங்கில் மேலாளரை அழைக்கவும்; இரவு 8 மணிக்கு மேல் ஷிப்ட் சூப்பர்வைசர். பார்வர்டரிடம் தூத்துக்குடி கிடங்குக் கிளார்க். லாரி கிளம்பியதும் வண்டி எண்ணை அவருக்கு அனுப்ப வேண்டும். பையரின் அலுவலகம் நமக்குப் பிற்பகலில்தான் திறக்கும். அவர்களுக்கான கேள்விகளை மதியத்துக்குள் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால் அன்றே பதில் வரும். வங்கியில் எல்.சி. பிரிவு அதிகாரியைக் கணக்குப் பிரிவு வழியாக மட்டுமே தொடர்புகொள்ளவும்.

என்னை அழைக்க: பொது மேலாளரும் நிர்வாக இயக்குநரும் கிடைக்காதபோது, அன்றே முடிவு தேவை என்றால் மட்டும். மாலை 7 முதல் 8 வரை. 18 அன்று கைப்பேசி என்னிடம் இருக்காது.

குறிப்பு இவ்வளவுதான். இதில் நான் மிகவும் மெனக்கெட்டது ரூபாய் வரம்புக்கும் 17 மாலை 6 மணிக்கும். வரம்பு சொல்லாமல் அதிகாரம் கொடுத்தால், பயந்தவர் எதையும் செய்யமாட்டார்; துணிந்தவர் விமானத்துக்கே பணம் கட்டிவிடுவார். இரண்டும் ஏற்றுமதிக்காரர்கள் பார்த்திருக்கிற கதைதான்.

இதைப் பழைய வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அந்தக் குழுவில் டையிங் சூப்பர்வைசரும் இருக்கிறார் என்று உங்கள் கடிதத்தில் தெரிகிறது. இரவு ஷிப்ட்டுக்கு நீங்கள் 40,000 வரை போவீர்கள், 17 மாலை வரை பொறுப்பீர்கள் என்று அவருக்குத் தெரிந்தால், 15 என்பது அந்த நிமிடமே 17 ஆகிவிடும். குறிப்பு நிறுவனத்துக்குள் உள்ளவர்களுக்கு மட்டும் மின்னஞ்சலில் போகட்டும். டையிங்குக்கும் பார்வர்டருக்கும் பையருக்கும் இரண்டு வரி போதும்: எத்தனை நாள் இருக்கமாட்டீர்கள், யாரிடம் பேச வேண்டும். டையிங்குக்கு மட்டும் 15 என்ற தேதியை மறுபடி எழுதுங்கள்.

காகிதத்தில் தெரியாத ஒரு தடை ஓடிபி. லாரியில் சரக்கோடு போக வேண்டிய இ-வே பில்லை எடுக்கும் தளத்தில் நுழைய உங்கள் கைப்பேசிக்கு ஓடிபி வருகிறது என்றால், 21 இரவு லாரி உங்களுக்காகக் காத்து நிற்கும். கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டுப் போவது தீர்வல்ல. தளத்திலேயே துணைப் பயனர் கணக்கு உருவாக்க வழி இருக்கிறது. 13க்குள் கணக்குப் பிரிவைச் செய்யச் சொல்லி, சீனியரை ஒரு முறை உள்ளே நுழைந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அனுப்பும் முன் சீனியரை உட்காரவைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். 17 இரவு 9 மணிக்கு 250 கிலோ மட்டும் வந்தால் என்ன செய்வீர்கள்? லாரி கிளம்பிய பிறகு பார்வர்டர் கப்பல் ஒரு நாள் தாமதம் என்றால் யாருக்குச் சொல்வீர்கள்? ஆய்வாளர் 11ஆவது குறையைச் சிறிய குறையாக எழுதிக்கொள்கிறேன் என்று சலுகை காட்டினால்? குறிப்பைப் பார்த்து அவரால் பதில் சொல்ல முடியாத இடத்தில் குறை உங்கள் குறிப்பில் இருக்கிறது, அவரிடம் இல்லை. முதல் கேள்விக்கு என் குறிப்பிலும் விடை கிடையாது: பாதித் துணி வந்தால் வெட்டத் தொடங்கலாமா? ஒரே சாய லாட் என்றால் தொடங்கலாம். மீதி வேறு லாட்டாக வரும் என்றால் இரண்டின் ஷேடையும் ஒப்பிட்ட பிறகே தொடங்க வேண்டும். இதை ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கப்பல் கிளம்பிய பிறகு ஆவணங்களை வங்கியில் கொடுப்பது பற்றியும் எழுதட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கப்பலே 25 அன்றுதான். எல்.சி.யில் வேறு கெடு சொல்லாவிட்டால், அது காலாவதியாகும் நாளுக்குள், ஏற்றுமதியிலிருந்து 21 நாட்கள் வரை அவகாசம் உண்டு. 23 காலை நீங்களே வந்துவிடுவீர்கள்.