‘ரீப்ரொட்யூஸ் ஆகவில்லை’ என்று ஒரு வரி வந்தால் ஒரு நாள் போச்சு

கேள்வி: சென்னையில் ஐந்து பேர் கொண்ட டெஸ்டிங் டீமுக்கு நான் லீட். டெவலப்பர்கள் எல்லாரும் நியூ ஜெர்சியில். தினமும் சாயங்காலம் ஸ்டேட்டஸ் மெயில் தவறாமல் அனுப்புகிறோம். அப்படியும் ஒரு சின்ன பக் முடிய நாலு நாள் ஆகிறது. ‘ஆஃப்ஷோரிடமிருந்து தெளிவான அப்டேட் வருவதில்லை’ என்கிறார் கிளையண்ட் மேனேஜர். இனி தினமும் யாராவது ஒருவர் ராத்திரி 11 மணி வரை ஆன்லைனில் இருக்க வேண்டும் என்கிறார் எங்கள் மேனேஜர். இது சரியான தீர்வா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சோழிங்கநல்லூர்

பதில்: இல்லைங்க. ஒருவரை உட்கார வைத்தால் அன்றைக்கு வரும் ஒன்றிரண்டு கேள்விக்கு உடனே பதில் போகும், அவ்வளவுதான். அந்தக் கேள்விகள் ஏன் வருகின்றன என்பது அப்படியே இருக்கும், கொஞ்ச நாளில் அந்த ஒருவர் சோர்ந்து போய் வேறு வேலை தேட ஆரம்பிப்பார். நானும் சென்னையில் டெஸ்டிங்கில் இருந்துவிட்டு அப்புறம் சில வருடம் நியூ ஜெர்சியில் டெவலப்பர்களோடு உட்கார்ந்தவன். நாம் அனுப்பும் மெயிலை அவர்கள் காலையில் எப்படித் திறக்கிறார்கள், எந்த வரியில் மூடுகிறார்கள் என்று பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்திருக்கிறேன்.

‘மொத்தம் 60, ஓட்டியது 48, பாஸ் 41, ஃபெயில் 5, பிளாக்டு 2’ என்று மெயில் ஆரம்பித்தால் அதை வைத்துக்கொண்டு ஒரு டெவலப்பரால் அன்றைக்கு ஒன்றும் செய்ய முடியாது. அந்த எண்கள் மேனேஜருக்கானவை. டெவலப்பருக்குத் தெரிய வேண்டியது, நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும் எட்டு மணி நேரத்தில் உங்களிடம் ஒன்றுமே கேட்காமல் அவர் எதைச் செய்து முடிக்கலாம் என்பதுதான். ஏனென்றால் அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் விலை ஒரு முழு நாள். கேள்வி சின்னதா பெரியதா என்பதற்கும் இந்த விலைக்கும் சம்பந்தமே கிடையாது.

என் ப்ராஜெக்ட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இன்ஷூரன்ஸ் அப்ளிகேஷன், பாலிசி தொடங்கும் தேதியாக ஜூன் 15-ஐத் தேர்ந்தெடுத்து சேவ் செய்தால் 14 என்று காட்டியது. திங்கள் சாயங்காலம் 5 மணிக்கு எங்கள் பையன் ‘தொடக்கத் தேதி தவறாக சேவ் ஆகிறது’ என்று ஒரு ஸ்கிரீன்ஷாட்டோடு டிக்கெட் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான். அங்கே மதியம் 2 மணிக்கு, அதாவது நமக்கு ராத்திரி 11:30-க்கு, டெவலப்பர் மூன்று தடவை செய்து பார்த்தார், மூன்று தடவையும் 15 என்றே சேவ் ஆனது. `Cannot Reproduce` என்று மூடிவிட்டார். செவ்வாய் காலை நாங்கள் பார்த்தோம், எங்களுக்கு மறுபடியும் 14. வீடியோ எடுத்துச் சேர்த்து டிக்கெட்டைத் திரும்பத் திறந்தோம். அன்று ராத்திரி ‘எந்த பில்ட், எந்த பிரவுசர்?’ என்று கேள்வி வந்தது. புதன் காலை பதில் எழுதினோம். அதே பில்ட், அதே பிரவுசரில் அவர் பார்த்தார், அப்போதும் வரவில்லை. அதற்குள் கமெண்ட்டுகளில் கொஞ்சம் சூடும் ஏறியிருந்தது. வியாழன் சாயங்காலம் கான்ஃபரன்ஸ் காலில் யாரோ ‘உங்கள் மெஷினில் டைம்ஸோன் என்ன?’ என்று கேட்டார்கள், பத்து நிமிடத்தில் விஷயம் முடிந்தது.

கோடில் இருந்தது இதுதான்:

```js
const d = new Date(2024, 5, 15);
d.toISOString().slice(0, 10);
// Asia/Kolkata:     "2024-06-14"
// America/New_York: "2024-06-15"
```

ஜாவாஸ்கிரிப்ட் மாதங்களை 0-இலிருந்து எண்ணுவதால் 5 என்பது ஜூன். முதல் வரி, அந்த மெஷின் இருக்கும் ஊர்க் கணக்கில் ஜூன் 15 நள்ளிரவு 12 மணியை எடுக்கிறது. இரண்டாவது வரி அதை உலகப் பொது நேரமான UTC-க்கு மாற்றிவிட்டு தேதியை மட்டும் வெட்டி எடுக்கிறது. நாம் UTC-க்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால் நமது நள்ளிரவு அங்கே முந்தின நாள் மாலை 6:30, அதனால் தேதி 14 ஆகிவிடும். நியூயார்க் நேரம் UTC-க்குப் பின்னால் இருக்கிறது, அங்கே எப்போதும் 15 தான் வரும். ஆக டெஸ்டர் சொன்னதும் உண்மை, டெவலப்பர் சொன்னதும் உண்மை. இதை ‘இந்தியாவில் மட்டும் வருகிற பக்’ என்று தள்ளவும் முடியாது. லண்டனில் கோடைக்காலத்தில் கடிகாரம் UTC-க்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓடும், அங்கே இருக்கும் பயனருக்கும் இதே கதிதான்.

திங்கள் சாயங்காலம் இன்னும் ஒரு கால் மணி நேரம் செலவழித்திருந்தால் மூன்று நாள் மிச்சமாகியிருக்கும். பிரவுசரின் `Network` டேப்பில் போகிற ரிக்வெஸ்ட்டைப் பார்த்திருந்தால், அதிலேயே `2024-06-14` என்று இருப்பது தெரிந்திருக்கும். அதாவது தேதி பிரவுசரை விட்டுக் கிளம்பும்போதே தவறாகத்தான் கிளம்புகிறது. சர்வரிலோ டேட்டாபேஸிலோ தேட வேண்டியதில்லை, எந்த டெவலப்பரிடம் கொடுக்க வேண்டும் என்பதும் அங்கேயே முடிவாகிவிடும். அப்புறம் மெஷினின் டைம்ஸோனை நியூயார்க்குக்கு மாற்றி ஒரு தடவை ஓட்டியிருந்தால் பக் மறைந்திருக்கும், அதையும் எழுதியிருக்கலாம். குரோமில் மெஷினைத் தொடவே வேண்டாம், `DevTools`-இல் `Sensors` என்ற பகுதியில் வேறு ஊரைத் தேர்ந்தெடுத்தால் டைம்ஸோனும் சேர்ந்து மாறும். டிக்கெட்டில் இதைக் குறிப்பிட்டால் டெவலப்பரும் தன் மேஜையிலேயே பக்கை வரவழைத்துவிடுவார்.

அதனால் பில்ட் நம்பர், லாகின் செய்த டெஸ்ட் யூசர், எந்தப் பாலிசி, பத்து தடவையில் எத்தனை தடவை வந்தது, வந்த நேரம் UTC-இல் நிமிடம் வரை (சர்வர் லாக் பெரும்பாலும் UTC-இல்தான் இருக்கும், அவர் நேராக அந்த வரிக்குப் போவார்) ஆகிய எல்லாம் எழுதுங்கள். ஆனால் எல்லாவற்றையும்விட நேரம் மிச்சம் செய்வது ‘எதையெல்லாம் மாற்றிப் பார்த்தோம், அப்போது என்ன ஆனது’ என்ற இரண்டு வரிதான். வேறு பிரவுசரில் வந்தது, வேறு யூசருக்கும் வந்தது, டைம்ஸோனை மாற்றினால் வரவில்லை. அவர் கேட்கப் போகும் கேள்விகளுக்கு நீங்களே முன்கூட்டிப் பதில் சொல்கிறீர்கள். ஐந்து ஃபெயிலுக்கும் இப்படி எழுத நேரம் இருக்காது என்பது தெரியும். டெஸ்டிங்கையே நிறுத்தும் ஒன்றிரண்டுக்கு எழுதுங்கள், மற்றதை மறுநாள் காலை முடித்துக்கொள்ளலாம்.

தினசரி மெயிலுக்கு வருகிறேன். எண்களைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, மேலே யாரிடமிருந்து என்ன வேண்டும் என்று பெயர் போட்டு எழுதுங்கள். அதோடு பதில் வராவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ‘பணம் திருப்பித் தரும் ஸ்கிரீனில் ஒரு ரூல் தெளிவாக இல்லை, விளக்கவும்’ என்று எழுதினால் மூன்று நாள் யாரும் தொட மாட்டார்கள். ‘பாலிசியை 30-வது நாளில் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று எடுத்துக்கொள்கிறோம், இல்லை என்றால் புதன் நியூயார்க் நேரம் மாலை 5-க்குள் சொல்லுங்கள், பதில் இல்லாவிட்டால் வியாழன் காலை இதே கணக்கில் 12 கேஸை ஓட்டிவிடுவோம்’ என்று எழுதிப் பாருங்கள், பெரும்பாலும் அன்றைக்கே பதில் வரும். வராவிட்டாலும் உங்கள் ஐந்து பேர் சும்மா இருக்க மாட்டார்கள். ஊகம் தவறாகப் போனால் ஒரு நாள் வேலை வீணாகும், உண்மைதான். அதனால் டேட்டாவையே கலைத்துவிடும் டெஸ்ட்டுகளுக்கு இந்த முறை வேண்டாம்.

‘நாளைக்கு’, ‘இன்றிரவு’, ‘EOD’ என்ற சொற்களை மெயிலிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் நாள் முடிவது அவர் நாள் ஆரம்பிக்கும்போது. கிழமை, மணி, ஊர் மூன்றையும் எழுதுங்கள். ஜூலையில் ‘EST’ என்று எழுதுவதும் பலருக்கு வழக்கமாகிவிட்டது, அப்போது அங்கே ஓடுவது கோடைக்கால நேரமான `EDT`. மார்ச் இரண்டாவது ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் ஒன்பதரை மணி நேரம், மற்ற மாதங்களில் பத்தரை. கோடையில் அவர்களுடைய காலை 9 மணி நமக்கு மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30. இந்த மாற்றத்தை காலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் நவம்பரில் நேரம் மாறிய ஞாயிறுக்கு மறுநாள் திங்கள் ஒரு கால் கட்டாயம் தவறும்.

எதிர்ப்பக்கமிருந்து வருவதையும் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும், இதில் தயக்கமே வேண்டாம். `Ready for QA` என்று டிக்கெட் மாறினால் மட்டும் போதாது. எந்த பில்ட்டில் அது இருக்கிறது, அந்த பில்ட் டெஸ்ட் சர்வரில் ஏறிவிட்டதா, எந்தப் பகுதியை இன்னும் தொடக்கூடாது என்று அவர் கிளம்பும் முன் மூன்று வரி எழுத வேண்டும். ஏறிய பில்ட்டில் லாகின் செய்து ஒரு பாலிசியைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. ஒரு தடவை எங்களுக்கு லாகினே உடைந்த பில்ட் வந்தது, காலை 9 மணிக்கு அங்கே ராத்திரி 11:30, யாரும் போன் எடுக்கவில்லை, ஆறு பேருக்கு அன்றைய நாள் முழுக்கப் போனது. அதற்குப் பிறகு முந்தின பில்ட்டை டெஸ்ட் சர்வரில் திரும்ப ஏற்றும் உரிமையை எங்கள் லீடுக்குக் கேட்டு வாங்கினோம். நீங்களும் கேளுங்கள், டெஸ்ட் சர்வருக்கு மட்டும் என்று சொன்னால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

வெள்ளிக்கிழமை தனிக் கணக்கு. அங்கே அவர்கள் வெள்ளி மதியம் கேட்கும் கேள்வியை நீங்கள் திங்கள் காலைதான் பார்ப்பீர்கள், நீங்கள் திங்கள் காலை கேட்பதற்கு அங்கே இன்னும் ஞாயிறு இரவு. ஆகவே திங்கள் முழுவதும் யாரிடமும் கேட்காமல் செய்யக்கூடிய வேலை என்ன என்பதை வியாழன் காலிலேயே பேசி முடித்து வையுங்கள்.

மேனேஜரிடம் இப்படிப் போங்கள். ராத்திரி 11 வேண்டாம், கோடையில் மாலை 6:30 முதல் 7 வரை, குளிர்காலத்தில் 7:30 முதல் 8 வரை ஒரு கால், முறை வைத்து இரண்டு பேர் இருந்தால் போதும், அவர்கள் மறுநாள் ஒரு மணி நேரம் தாமதமாக வரட்டும். போகும் முன் கடந்த இரண்டு வாரத்தில் மூடிய டிக்கெட்டுகளின் கமெண்ட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றும் எத்தனை தடவை கடல் தாண்டிப் போய் வந்தது, எந்தக் கேள்விக்காகப் போனது என்று ஒரு ஷீட்டில் போடுங்கள். ‘எந்த பில்ட்?’, ‘எந்த யூசர்?’ போன்ற கேள்விகள்தான் அதில் நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.