கேமுக்கு மாதம் எத்தனை ஜிபி? கேட்டவர்களும் பதில்களும்

அண்ணா, தினமும் 2 மணி நேரம் ஃப்ரீ ஃபயர் ஆடுவேன். 28 நாளைக்கு மொத்தமே 6 ஜிபி தரும் பேக் போதுமா? வீட்டில் வைஃபை கிடையாது.

உங்கள் போனிலேயே அளந்துவிடலாம் தம்பி. செட்டிங்ஸில் App data usage போய், கேமுக்கு நேராக உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல மைக்கைப் போட்டு, லாபியில் காத்திருப்பதையும் சேர்த்து ஒரு மணி நேரம் ஆடுங்கள். மறுபடி பாருங்கள். உதாரணத்துக்கு 45 எம்பி கூடியிருந்தால், 56 மணி நேரத்துக்கு 2,520 எம்பி. அதாவது இரண்டரை ஜிபி. யார் எங்கே நிற்கிறார், யார் சுட்டார் என்ற துணுக்குத் தகவல்தான் வந்து போகிறது. படத்தை உங்கள் போனே வரைந்துகொள்கிறது.

கழுத்தறுப்பது அப்டேட். அதைப் போடாவிட்டால் கேமே திறக்காது. அதற்கு ஒன்றரை ஜிபி ஒதுக்கினால் மொத்தம் 4. மீதி 2 ஜிபியில் வாட்ஸ்அப் ஓடும், ரீல்ஸ் ஓடாது. அப்டேட் இறங்கிய நாளில் மட்டும் அளக்காதீர்கள்.

கிராஃபிக்ஸைக் குறைத்தால் டேட்டா பாதியாகும் என்கிறார்களே?

ஆகாது. பேட்டரி மிச்சமாகும், சூடு குறையும்.

எனக்கு நிஜமாகவே குறைந்தது சார். சும்மா சொல்லாதீர்கள்.

ஹெச்டி ரிசோர்ஸ் பேக்கை இறக்காமல் விட்டிருப்பீர்கள். அந்த அளவில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அது ஒருமுறைச் செலவு, மணிக்கணக்கில் சேராது.

மகன் கேம் ஆடியே தினமும் 2 ஜிபியைத் தீர்த்துவிடுகிறான். என்ன செய்வது?

அம்மா, மேலே சொன்ன 45 எம்பி கணக்கில் 2 ஜிபி தீர 44 மணி நேரம் ஆட வேண்டும். நாளுக்கு 24தான். அதே பட்டியலில் முதலில் நிற்கும் ஆப்பைப் பாருங்கள். அடுத்தவர் கேம் ஆடும் வீடியோவைப் பார்க்கிறான் என்றுதான் நினைக்கிறேன். இல்லையென்றால் அப்டேட்.

லிமிட் முடிந்து 64 கேபிபிஎஸ் ஆனபின் ஆடலாமா?

மணிக்கு 45 எம்பி என்றாலே சராசரி 100 கேபிபிஎஸ் வேண்டும். லாபி திறக்கலாம், உள்ளே போனால் எதிராளி தாவித் தாவி வருவான்.

பிஜிஎம்ஐக்கு எவ்வளவு ஆகும்?

முதல் பதிலில் சொன்னபடியே அளந்து பாருங்கள்.

ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பில் ஆடினால்?

கேமின் பெயரில் காட்டாது, ஹாட்ஸ்பாட் கணக்கில் சேரும். பிசி கேம் அப்டேட் பல ஜிபி வரும். கிளவுட் கேமிங் என்றால் படமே வீடியோவாக வருவதால் மணிக்கே பல ஜிபி. லிமிட் பேக்கில் நினைக்கவே வேண்டாம்.

எந்தக் கம்பெனி பேக் மலிவு?

ரீசார்ஜ் கடையில் கேளுங்கள்.

கிராஃபிக்ஸ் கேட்டவன்தான் சார். 90 எஃப்பிஎஸ் வைத்து ஒரு மணி நேரம் அளந்தேன், 45க்குப் பதில் 58 எம்பி. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

மைக் இரண்டு தடவையும் ஒரே மாதிரி இருந்ததா? எஃப்பிஎஸ் கூடினால் சில கேம்கள் தகவலை அடிக்கடி அனுப்பலாம், மறுக்கவில்லை. மைக்கை அணைத்துவிட்டு இரண்டையும் மறுபடி அளந்து போடுங்கள்.

மைக் ஆன்தான். முதல் தடவை நண்பன் வரவில்லை.

அப்போ அந்த 13 எம்பியில் அவன் பேச்சு எவ்வளவோ!