அமாவாசை நினைவூட்டல் ஏன் பிசகுகிறது?

"முப்பது நாளுக்கு ஒருமுறை என்று அமாவாசைக்கு நினைவூட்டல் வைத்தேன். போகப்போகத் தேதி தள்ளிப்போகிறது. என்ன செய்வது?"

அமாவாசைக்கு அமாவாசை சராசரியாக 29.53 நாள்தான். 2025 தை அமாவாசை ஜனவரி 29. அதிலிருந்து முப்பது முப்பதாக எண்ணினால் ஜூலை 28 வரும். ஆடி அமாவாசையோ ஜூலை 24 அன்றே முடிந்துவிட்டது. தர்ப்பணம் தவறினால் மனம் எவ்வளவு வருந்தும் என்று எனக்குத் தெரியும்.

நினைவூட்டலில் "மீண்டும்" என்ற அமைப்பையே விட்டுவிடுங்கள். பஞ்சாங்கத்தைப் பார்த்து ஓராண்டுக்கான தேதிகளைத் தனித்தனியாகப் பதியுங்கள். பன்னிரண்டோ பதின்மூன்றோதான் வரும்; கால் மணி நேர வேலை. திதி இரண்டு நாள்களில் பரவியிருந்தால், தொடங்கும் நாளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். "சர்வ அமாவாசை" என்று குறித்த நாளையே எடுங்கள். எள்ளும் தர்ப்பையும் வாங்க வேண்டுமே, அதனால் மணி முந்தைய நாள் மாலை ஆறுக்கு அடிக்கட்டும்.