கடப்பாரை இறங்காத சாலையோர மண்ணில் மரம் நடுவது: கேள்வி பதில்

கேள்வி: நடைபாதைக்கும் ரோட்டுக்கும் நடுவுல 20 அடி நீளம், 4 அடி அகலத்துக்கு மண் இருக்கு மேடம். கடப்பாரையே இறங்கல. ரெண்டடி குழி வெட்டி செம்மண் போட்டு நட்டா போதாதா?

போதாது. சுற்றிலும் கல்லாக இருக்க, குழிக்குள் மட்டும் மண் இளகியிருந்தால் அது தொட்டிதான். மழைநீர் தேங்கும், வேர் சுவரில் முட்டி வட்டமடிக்கும்.

முதலில் ஓரடிக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்பி, முழுக்க வடியவிடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு குச்சியை நட்டு நீர்மட்டத்தைக் குறியுங்கள். மணிக்கு ஓர் அங்குலம்கூட இறங்காவிட்டால் வடிகால் மோசம். குழிச்சுவரையும் பாருங்கள். மேலே மட்டும் இறுகியிருந்தால் பிழைத்தோம். அடிவரை சிமென்ட் கட்டியும் ஜல்லியுமாக இருந்தால் அவற்றை அள்ளி வெளியேற்றத்தான் வேண்டும்.

கேபிள், குடிநீர்க் குழாய் எங்கே போகிறது என்று கேட்டு, மாநகராட்சி அனுமதியும் வாங்கியபின் வேலையைத் தொடங்குங்கள். உங்கள் இடம் 80 சதுர அடி. அதன்மேல் நன்கு மக்கிய உரத்தை அரை அடி உயரத்துக்குப் பரப்ப 40 கன அடி வேண்டும். பிறகு ஒன்றரை அடி ஆழத்துக்கு மண்ணை உரத்தோடு சேர்த்து அள்ளி, அதே இடத்தில் கொட்டிக்கொண்டே போங்கள். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தார் பரிந்துரைக்கும் முறை இது. மாவாகச் சலிக்கத் தேவையில்லை. கைப்பிடி அளவுக் கட்டிகள் கிடக்கட்டும், அவற்றின் இடுக்கில்தான் உரமும் வேரும் இறங்கும். மண் மேடாக எழும்பி, பிறகு அமரும். அதனால் நன்றாக நனைத்து அமரவிட்டு நடுங்கள். இல்லையென்றால் கன்றில் தண்டும் வேரும் சேரும் கழுத்து புதைந்துவிடும்.

கேள்வி: ஜிப்சம் போட்டாலே களிமண் இளகிடும்னு சொல்றாங்களே? கூட மணலும் கலந்துட்டா?

ஜிப்சம் விஷயம் பாதி சரி. சோடியம் மிகுந்த களர் மண்ணில் அது வேலை செய்யும். லாரியும் ரோலரும் மிதித்து இறுகிய மண்ணில் செய்யாது. எது என்று மண் பரிசோதனை நிலையத்தில் தெரிந்துகொள்ளுங்கள். களியில் கொஞ்சம் மணல் கலந்தால் செங்கல் மாதிரி ஆகும்.

கேள்வி: வீட்டு வாசல்ல 15 வருஷப் புங்கமரம் நிக்குது. அதைச் சுத்தியும் ஒன்றரை அடி கொத்தலாமா?

கூடாது. நான் சொன்னது நடுமுன் செய்வது. உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி அந்த ஒன்றரை அடிக்குள்தான் இருக்கும். அடிமரத்தைத் தொடாமல் சருகை மூன்று அங்குலம் பரப்புங்கள்.

கேள்வி: மழை பெஞ்சதும் மண்ணு இளகியிருக்கும்போதே ஜேசிபியை இறக்கிடலாமா மேடம்?

ஒரு பிடி மண்ணை உருட்டி, கட்டைவிரலால் அழுத்துங்கள். உதிர்ந்தால் இறக்கலாம். பிசைந்த மாவு மாதிரி நசுங்கினால் காத்திருங்கள். ஈரக்களியில் பக்கெட் பட்ட சுவர் சிமென்ட் பூசியதுபோல் மெழுகிவிடும். மெழுகியிருந்தால் கடப்பாரையால் கீறிவிடுங்கள்.

கேள்வி: இவ்வளவும் செஞ்சப்புறம் அங்கயே பைக்கை நிறுத்துனா?

மறுபடி இறுகும். ஓரக்கல்லும் கம்பித் தடுப்பும் வைக்கலாம். கடைத்தெருவில் அது எத்தனை நாள் நிற்கும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.